முன்பின் தெரியாதவரிடம் தொழில் ஆலோசனை கேட்டு எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பின் தெரியாத ஒருத்தருக்குத் திடீர்னு எழுதி ஆலோசனை கேட்கிறதே அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா?

இல்லை. எழுதுவது உங்கள் உரிமை. பதில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவர் உரிமை. இந்த இரண்டாவது பாதியை மறந்து எழுதும்போதுதான் அதிகப்பிரசங்கித்தனம் உள்ளே வருகிறது.

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். நான்கு வருடம் சைட்டில் நின்றுவிட்டு டிசைனுக்கு மாறியவன். மாறுவதற்கு முன் தெரியாதவர்கள் பலருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இப்போது அதே கேள்விகளோடு எனக்கு எழுதுகிறார்கள். அவற்றில் என்னை எரிச்சலூட்டியவை மிகக் குறைவு. உதவ மனமிருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அப்படியே வைத்துவிட்டவைதான் அதிகம். எழுதியவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே தெரிந்தார்கள். கேள்வி அமைந்த விதம்தான் கையைக் கட்டிப்போட்டது.

கேட்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். பிரான்சிஸ் ஃப்ளின், வனெசா லேக் இருவரும் 2008-இல் வெளியிட்டது. பங்கேற்றவர்களைத் தெரியாத ஆட்களிடம் போய்ச் சின்னச் சின்ன உதவிகள் கேட்கச் சொன்னார்கள். தேவையான உதவி கிடைக்க எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்னதாக ஊகிக்கவும் சொன்னார்கள். ஊகித்ததைவிட மிகக் குறைவான பேரிடம் கேட்டதுமே வேலை முடிந்துவிட்டது. மனிதர்கள் நாம் நினைப்பதைவிட உதவுகிறவர்கள்தான்.

ஆனால் அது நேருக்கு நேர் கேட்டது. எதிரே நிற்பவரிடம் முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். திரையில் அந்தக் கூச்சம் கிடையாது, விரலால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். ஆகவே எழுத்தில் கேட்கும்போது கேள்வியே சுமையில்லாமல் இருந்தாக வேண்டும்.

ரொம்பப் பணிவாத்தான் எழுதினேன். மூணு பேருக்கு அனுப்பியும் ஒருத்தர்கூடப் பதில் போடலை. என்ன தப்பு?

இதே கேள்வியோடு என்னிடம் வந்த ஒரு பெண், தான் அனுப்பியதைக் காட்டினார். அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன்:

"மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். நான் சிவில் இன்ஜினியரிங் முடித்து மூன்று வருடங்களாக சைட்டில் பணிபுரிகிறேன். டிசைன் துறையில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. தாங்கள் இத்துறையில் பெரும் உயரத்தை அடைந்தவர். தங்களின் மேலான வழிகாட்டுதலை எனக்கு வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். என் பயோடேட்டாவை இணைத்துள்ளேன். தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். முன்கூட்டியே நன்றி."

ஒரு சொல்லில்கூட மரியாதைக் குறைவு இல்லை. இப்போது இதைப் பெற்றவரின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். பயோடேட்டாவைத் திறந்து படிக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு எதில் சந்தேகம் என்று ஊகிக்க வேண்டும். படிப்பா, வேலையா, மென்பொருளா, சம்பளமா? அதற்குப் பிறகு அவர் என்ன செய்யலாம் என்று யோசித்து ஒரு பக்கம் எழுத வேண்டும். அரை நாள் வேலை. முகம் தெரியாத ஒருவரிடம் அரை நாளைக் கேட்டுவிட்டு, அதைத் "தாழ்மையுடன்" என்ற சொல்லால் மூடியிருக்கிறோம். சொல்லில் பணிவு கூடக் கூட வேண்டுகோளின் கனம் தெரியாமல் போகும் என்று எழுதியவர் நம்புகிறார். படிப்பவருக்கு அந்தக் கனம் அப்படியே தெரிகிறது.

கடைசி இரண்டு வரிகளையும் கவனியுங்கள். "காத்திருக்கிறேன்" என்றால் அவர் கடன்பட்டவர் ஆகிவிடுகிறார். "முன்கூட்டியே நன்றி" என்றால் அவர் இன்னும் ஒப்புக்கொள்ளாத ஒன்றை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறோம். எழுதும்போது இரண்டும் வெறும் சம்பிரதாயமாகத் தோன்றும். பெறுகிறவருக்கு லேசாக உறுத்தும்.

அப்போ எதைக் கேட்கணும்? எப்படிக் கேட்கணும்?

அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "உனக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்கிற சந்தேகம் எது?" கொஞ்ச நேரம் சுற்றிவளைத்துப் பேசிய பிறகு வெளியே வந்தது. ஒரு சின்ன கன்சல்டன்சியில் டிராஃப்டிங் வேலை கிடைத்திருக்கிறது, அதாவது மற்றவர் டிசைன் செய்ததைப் படமாக வரைந்து தரும் வேலை. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவு. அந்த வழியாக டிசைனுக்குள் போய்விடலாம் என்று ஒருவர் சொல்கிறார். வாழ்நாள் முழுக்கப் படம் வரைந்துகொண்டே இருப்பாய் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார்.

கேள்வி இவ்வளவு தெளிவாக மனதில் இருந்தும் மெசேஜில் அதன் நிழல்கூட இல்லை. சொந்தச் சிக்கலைச் சொல்வது அவர் நேரத்தை எடுத்துக்கொள்வதாகும், பொதுவாகக் கேட்பதுதான் மரியாதை என்று நினைத்திருக்கிறார். நிறையப் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பொதுவான கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கடினம். குறிப்பான கேள்விக்கு இரண்டு வரி போதும்.

இருவரும் உட்கார்ந்து திருத்தி எழுதியது இது:

"வணக்கம் மேடம். சைட்டிலிருந்து டிசைனுக்கு மாறியது பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். முதல் வருடம் முழுக்க மற்றவர்கள் போட்ட கம்பி விவரப் படங்களைச் சரிபார்த்தே கழிந்தது என்று சொன்னீர்கள். அதையொட்டி ஒரு கேள்வி.

நான் மூன்று வருடமாக அடுக்குமாடிக் கட்டடங்களில் சைட் இன்ஜினியர். ஒரு சிறிய கன்சல்டன்சியில் டிராஃப்டிங் வேலை கிடைத்திருக்கிறது. அது டிசைனுக்கு வழியாகும் என்று ஒருவரும், அங்கேயே தேங்கிவிடுவாய் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள்.

நீங்கள் பார்த்தவரை, டிராஃப்டிங்கில் சேர்ந்து டிசைனுக்குள் வந்தவர்கள் உண்டா? உண்டென்றால், சேரும் முன் அந்த அலுவலகத்தில் நான் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது?

ஓரிரு வரி போதும். இப்போது நேரம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், தவறாக நினைக்க மாட்டேன்."

நான்காம் நாள் பதில் வந்தது. "உண்டு, இரண்டு பேரைத் தெரியும். டிராஃப்டர்கள் டிசைன் கணக்குத் தாளைப் பார்க்க அங்கே விடுவார்களா என்று கேளுங்கள். படம் மட்டும்தான் கையில் வரும் என்றால் சேராதீர்கள்." இவ்வளவுதான். எந்தக் கல்லூரியிலும் கிடைக்காத பதில். அந்த மேடம் அதைத் தட்டச்சு செய்ய இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "நான் இந்த வேலையில் சேரலாமா?" என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால், உங்கள் வீட்டு நிலைமை, கடன், வயது எதுவும் தெரியாத ஒருவர் தலையில் உங்கள் முடிவைத் தூக்கி வைத்ததாகிவிடும். நாளைக்கு அது தவறாகப் போனால் அவர் பொறுப்பாக வேண்டும். மனசாட்சி உள்ளவர்கள் அந்தப் பொறுப்பை ஏற்கத் தயங்கிப் பதிலே போடாமல் விடுவார்கள். "நீங்கள் பார்த்தவரை உண்டா?" என்பது அவர் கண்ணால் கண்டதை மட்டும் கேட்கிறது. முடிவு உங்களிடமே இருக்கிறது. ஆலோசனை கேட்பதில் இதைவிடப் பெரிய மரியாதையை நான் கண்டதில்லை.

அனுப்பும் முன் இரண்டு சோதனைகள் செய்து பார்க்கலாம். அவர் எங்கோ வரிசையில் நிற்கும்போது, எதையும் தேடிப் பார்க்காமல், கட்டைவிரலாலேயே பதில் அடிக்க முடியுமா? முடியாதென்றால் கேள்வி இன்னும் பெரிது. பத்து நிமிடம் தேடினால் உங்களுக்கே கிடைக்கும் பதிலா? ஆமென்றால் அதை அவரிடம் கேட்காதீர்கள். "டிசைனுக்கு எந்த மென்பொருள் படிக்கணும்?" என்ற கேள்வி இரண்டாவது சோதனையில் தோற்றுவிடும்.

அவரைப் புகழ்ந்து ஆரம்பிச்சா நல்லதா?

புகழ வேண்டாம், கவனித்ததைச் சொல்லுங்கள். "பெரும் உயரத்தை அடைந்தவர்" என்பதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். "கம்பி விவரப் படங்களைச் சரிபார்த்தே கழிந்தது என்று சொன்னீர்கள்" என்பதை அவருக்கு மட்டுமே எழுத முடியும். ஏன் என்னிடம் கேட்கிறார் என்ற அவர் கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

அவர் பொதுவில் பேசியது, எழுதியது மட்டும்தான் இதற்கு உதவும். அவர் குடும்பப் படத்தையோ, எப்போதோ போட்ட சொந்தப் பதிவையோ குறிப்பிட்டால் அவரைப் பின்தொடர்ந்து வேவு பார்த்தது போல ஆகிவிடும்.

என்னைப் பத்தி எவ்வளவு சொல்லணும்? பயோடேட்டா இணைக்கலாமா?

கேள்வி புரிவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். மேலே உள்ள மெசேஜில் "மூன்று வருடமாக அடுக்குமாடிக் கட்டடங்களில் சைட் இன்ஜினியர்" என்ற ஒரு வரியே போதுமானதாக இருந்தது. மதிப்பெண், வென்ற பரிசுகள் எதற்கும் அங்கே வேலை இல்லை.

பயோடேட்டாவை இணைக்காதீர்கள். அதைப் பார்த்ததும், இவர் ஆலோசனை கேட்கவில்லை, வேலை கேட்கிறார் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. உண்மையில் வேலைதான் வேண்டும் என்றால் அதை நேராகவே கேளுங்கள், "உங்கள் நிறுவனத்தில் இந்தப் பணியிடத்துக்கு விண்ணப்பிக்கிறேன்" என்று. அதில் இழுக்கு எதுவும் இல்லை. ஆலோசனை என்று சொல்லி அழைத்துவந்து நடுவில் வேலையை எடுத்து நீட்டுவதுதான் மனதைக் கசக்க வைக்கும்.

சார், மேடம், அண்ணா, பெயர்... எப்படி அழைக்கிறது?

அந்நியருக்கு எழுதும்போது "சார்", "மேடம்" இரண்டும் பாதுகாப்பானவை. தமிழில் கொஞ்சம் முறையாக எழுத விரும்பினால் பெயரோடு "அவர்களுக்கு, வணக்கம்" என்று தொடங்கலாம். வெறும் பெயரைச் சொல்லி அழைப்பது சில அலுவலகங்களில் வழக்கம்தான், ஆனால் அவர் அப்படிப்பட்டவரா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. பதிலில் அவரே "சார் வேண்டாம்" என்று சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். "அண்ணா", "அக்கா" என்பவை பாசமான சொற்கள். ஆனால் முதல் மெசேஜிலேயே அவை வந்தால், அவர் தராத உறவை நாமே எடுத்துக்கொண்டதாகிறது. உறவு சொன்ன பிறகு மறுக்கவும் அவருக்குச் சங்கடம்.

"தாங்கள், தங்கள்" தேவையில்லை, "நீங்கள், உங்கள்" போதும். இதைவிட முக்கியமானது வினைச்சொல். "பதில் அனுப்பவும்", "தெரியப்படுத்தவும்" என்று முடிப்பவர்களைப் பார்க்கிறேன். முறையாக எழுதுவதாக நினைத்துத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த "-வும்" அறிவிப்புப் பலகையின் குரல், "காலணிகளை வெளியே விடவும்" என்பது போல. முன்னால் "தயவுசெய்து" போட்டாலும் கட்டளையின் தொனி போகாது. "சொன்னால் உதவியாக இருக்கும்", "சொல்ல இயலுமா?" என்று எழுதிப் பாருங்கள், வாக்கியமே இளகிவிடும்.

"பத்து நிமிஷம் போன்ல பேசலாமா"னு கேட்கலாமா? எழுதி விளக்கறது கஷ்டமா இருக்கு.

முதல் மெசேஜில் வேண்டாம். பத்து நிமிடப் பேச்சு என்பது அவருக்குப் பத்து நிமிடம் அல்ல. நேரம் குறிக்க நாலு மெசேஜ் போக வேண்டும், அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் வேறு வேலை வைத்துக்கொள்ள முடியாது, பேச்சு இருபது நிமிடத்துக்கு நீண்டாலும் அவரால் சட்டென்று வைக்க முடியாது. எழுதிய கேள்வியை அவர் தனக்கு வசதியான நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

எழுதி விளக்கக் கஷ்டமாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் கேள்வி இன்னும் உங்களுக்கே பிடிபடவில்லை என்றுதான் அர்த்தம். அதைத் தெளிவாக்கும் வேலையைப் போனில் அவரிடம் கொடுக்கப் பார்க்கிறோம். ஒரு நண்பரிடம் முதலில் பேசித் தெளிவாக்கிக்கொண்டு பிறகு எழுதுங்கள். சில நேரம் அவரே "போன் பண்ணுங்கள், இதை எழுத முடியாது" என்பார். அப்போது தாராளமாகப் பேசுங்கள். சொன்ன நிமிடத்தில் அழையுங்கள், பத்து நிமிடம் ஆனதும் நீங்களே முடிக்க முன்வாருங்கள்.

லிங்க்ட்இன்ல இணைப்புக் கோரும்போதே, அந்தக் குறிப்பிலேயே கேள்வியைக் கேட்டுடலாமா?

இடம் போதாது. கணக்கின் வகையைப் பொறுத்து அங்கே 200 அல்லது 300 எழுத்துகள்தான். தமிழில் எழுதினால் இன்னும் குறுகும், ஏனென்றால் கணினி "நி" என்பதை "ந" ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாக எண்ணுகிறது. அந்த இடத்தில் எதைப் பற்றி எழுத விரும்புகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள்: "சைட்டிலிருந்து டிசைனுக்கு மாறியது பற்றிய உங்கள் பேச்சையொட்டி ஒரு சின்னக் கேள்வி உண்டு." ஏற்றுக்கொண்டால் முழு மெசேஜை அனுப்பலாம். ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் அதுவே பதில்.

"நேரம் இல்லைன்னா விட்டுடுங்க"னு நாமே எழுதினா, உண்மையாவே விட்டுட மாட்டாங்களா?

எழுதும்போது எனக்கும் அந்தப் பயம் இருந்தது. நடப்பது நேர்மாறு. நிக்கோலா கெகென், அலெக்ஸாண்டர் பாஸ்குவல் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட சோதனையில், தெருவில் போகிறவர்களிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்கப்பட்டது. சிலரிடம் மட்டும் "தருவதும் தராததும் உங்கள் விருப்பம்" என்ற வாசகத்தைச் சேர்த்துச் சொன்னார்கள். அந்த வாசகத்தைக் கேட்டவர்களில்தான் பல மடங்கு அதிகம் பேர் கொடுத்தார்கள். தப்பிக்க வழியில்லாமல் கேட்டால் மனம் முறுக்கிக்கொள்கிறது. வழி திறந்திருந்தால் விரும்பிச் செய்யத் தோன்றுகிறது.

இரண்டு எச்சரிக்கை. அந்த வரியை ஒரே ஒரு முறை எழுதுங்கள். "தொந்தரவுக்கு மன்னிக்கவும், உங்கள் நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும், தவறாக நினைக்க வேண்டாம்" என்று மூன்று முறை சொன்னால், உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும். அடுத்தது, உண்மையாகச் சொல்லுங்கள். "நேரம் இல்லையென்றால் பரவாயில்லை, ஆனால் என் எதிர்காலமே உங்கள் பதிலில்தான் இருக்கிறது" என்று எழுதினால், திறந்த கதவை நாமே சாத்தியதாகும்.

ஒரே மெசேஜை பத்து பேருக்கு அனுப்பலாமா?

ஒரே சந்தேகத்தைப் பலரிடம் கேட்கலாம், அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் கேள்வியே கொஞ்சம் மாறும். டிராஃப்டிங் வழியாக வந்தவரிடம் அந்த வழியைக் கேட்கலாம், மேற்படிப்பு வழியாக வந்தவரிடம் படிப்பைக் கேட்கலாம். பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால் படித்ததுமே தெரிந்துவிடும். ஒரே அலுவலகத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே மெசேஜ் போனதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேசிக்கொண்டார்கள், இருவருமே பதில் போடவில்லை. ஒருநேரத்தில் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். பத்துப் பேரும் பதில் போட்டுவிட்டால் பத்துப் பேருக்கும் ஒழுங்காக நன்றி சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

பதில் வரலை, ஆனா படிச்சுட்டதா காட்டுது. மறுபடி ஞாபகப்படுத்தலாமா?

ஒரு முறை செய்யலாம், பத்து நாள் கழித்து. படித்துவிட்டு "அப்புறம் எழுதலாம்" என்று வைத்து மறந்தவர்கள் உண்மையிலேயே நிறைய இருக்கிறார்கள். நானும் அப்படி மறந்திருக்கிறேன், ஞாபகப்படுத்தியவரிடம் நன்றியோடுதான் இருந்தேன். "படித்துவிட்டீர்கள் என்று தெரிகிறது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது குற்றம் சாட்டுவது போல ஒலிக்கும். முன்பு அனுப்பியதன் கீழேயே இரண்டு வரி போதும்: "போன வாரம் கேட்டது தவறியிருக்கலாம் என்று நினைத்து ஒரு முறை எழுதுகிறேன். இதற்கு மேல் தொந்தரவு செய்ய மாட்டேன்." சொன்னபடி அதற்கு மேல் செய்யாதீர்கள்.

அங்கே பதில் இல்லை என்று அவர் சொந்த எண்ணைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப்பில் போவதோ, அவர் சக ஊழியர் வழியாகச் சொல்லி அனுப்புவதோ கூடவே கூடாது. அதுவரை எவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தாலும் அந்த ஒரு செயலில் எல்லாம் போய்விடும்.

பதில் வந்துடுச்சு! இப்போ என்ன எழுதணும்?

அன்றைக்கே நன்றி சொல்லுங்கள். அவர் சொன்னதில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நன்றியிலேயே அடுத்த கேள்வியை வைக்காதீர்கள். முதல் பதில் முடிவதற்குள் இரண்டாவது கேள்வி வந்தால், ஓரிரு வரி போதும் என்று சொன்ன வாக்கு பொய்யாகிவிடும்.

பெரும்பாலோர் விட்டுவிடுவது இதற்கடுத்த படியைத்தான்: என்ன ஆயிற்று என்று திரும்ப வந்து சொல்வது. அந்தப் பெண் டிராஃப்டிங் வேலைக்கான இன்டர்வியூவில் கணக்குத் தாளைப் பற்றிக் கேட்டார். "அது டிசைனர்கள் பார்ப்பது, உங்களுக்கு எதற்கு?" என்றார்களாம். அவர் சேரவில்லை. மூன்று மாதம் கழித்து, கணக்குத் தாளைக் காட்டித் தந்த வேறொரு இடத்தில் சேர்ந்ததும் அந்த மேடத்துக்கு இப்படி எழுதினார்: "நீங்கள் சொன்ன கேள்வியை இரண்டு இடத்தில் கேட்டேன். முதல் இடத்தை விட்டதும், இரண்டாவதில் சேர்ந்ததும் அதனால்தான். நேற்று முதல்முறையாக ஒரு பீம் கணக்கை நானே போட்டுக் காட்டினேன்."

இந்த முறை பதில் அரை மணி நேரத்தில் வந்தது. எந்த அளவு பீம், கம்பி எவ்வளவு வந்தது என்று மேடமே கேட்டிருந்தார்.